ஐந்து பேர் என்றால் ஏன் விலை ஏறுகிறது?

"மாமா, ஒருத்தருக்குன்னு தேடினா 3,200 ரூபாய் காட்டுது. அஞ்சு பேருன்னு மாத்தினா ஆளுக்கு 4,200 ஆயிடுது. நிறைய வாங்கினா குறைக்கத்தானே செய்வாங்க? இவங்க ஏத்துறாங்களே!"

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளின் கேள்வி இது. விமான டிக்கெட் என்றதும் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்தக் கிழமையில் வாங்கினால் மலிவு என்றுதான். அதற்குச் சொல்லும்படியான பதில் கிடையாது. இவள் கேள்விக்கு உண்டு. அதைச் சொல்லப் புகுந்தால் விமான விலை எப்படி நடக்கிறது என்பதே விளங்கிவிடும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் சிறிய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏடிஆர் 72 வகை, இரண்டு பக்கமும் விசிறி சுழலும் விமானம், 78 இருக்கைகள். இந்த 78-ஐயும் நிறுவனம் ஒரே விலைக்கு விற்பதில்லை. படிகளாகப் பிரித்து வைக்கிறது. கணக்குக்காக நானே விலை போட்டேன். முதல் 18 இருக்கைகள் 2,500 ரூபாய். அவை தீர்ந்தால் அடுத்த 20 இருக்கைகள் 3,200. அதற்கு மேல் 18 இருக்கைகள் 4,200. பிறகு 14 இருக்கைகள் 5,800. உச்சியில் 8 இருக்கைகள், 8,500 ரூபாய்.

"அப்ப 2,500 ரூபாய் சீட்டெல்லாம் பின்னாடி இருக்குமா?" என்றாள். இல்லை. படிகள் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை, விமானத்துக்குள் இருப்பவை அல்ல. அதே அகலம், அதே சன்னல், அதே தண்ணீர் பாட்டில். 2,500 கொடுத்தவரும் 8,500 கொடுத்தவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து போகலாம். துறைக்காரர்கள் இந்தப் படிகளை பக்கெட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. டிராவல் ஏஜென்ட்டின் திரையில் `Y9 M9 K3 Q0` என்பதுபோல ஒரு வரி தெரியும். Q படியில் ஒன்றும் இல்லை, K படியில் 3 இருக்கைகள் மிச்சம் என்று பொருள். 9 என்றிருந்தால் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கிறது. பொதுவாக அதற்கு மேல் எண்ணைக் காட்டுவதில்லை.

இப்போது அவள் கேள்விக்கு வரலாம். அவள் தேடிய நேரத்தில் 3,200 ரூபாய்ப் படியில் 3 இருக்கைகளே மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தேடினால் அந்தப் படியே போதும். ஐந்து பேருக்கு என்றதும் கம்ப்யூட்டர் என்ன செய்கிறதென்றால், ஐந்து பேரும் ஒன்றாக நிற்கக்கூடிய மலிவான படி எது என்று பார்க்கிறது. ஒரே முன்பதிவில் வருகிறவர்களை ஒரே படியில் வைப்பதுதான் வழக்கம். 3,200-இல் ஐந்து பேருக்கு இடம் இல்லை, 4,200-இல் இருக்கிறது. எனவே ஐந்து பேருக்கும் 4,200.

"மூணு பேருக்குத் தனியா, ரெண்டு பேருக்குத் தனியா போட்டா?"

இதை அவள் என்னிடம் கேட்டு முடிப்பதற்குள் போனில் கணக்குப் போட்டுவிட்டாள். ஒன்றாக வாங்கினால் 21,000. பிரித்து வாங்கினால் மூன்று பேருக்கு 9,600, இரண்டு பேருக்கு 8,400, ஆக 18,000. மூவாயிரம் மிச்சம். ஐந்து பேருக்குத் தேடும்போது வரும் விலையை ஒருவருக்குத் தேடும்போது வரும் விலையோடு ஒப்பிட்டால் படி எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரிப்பதில் பயன் இல்லை. பிரித்தால் ஒரு தொல்லையும் உண்டு. முன்பதிவு எண் இரண்டாகிவிடுவதால், விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றினால் குடும்பம் இரண்டாகப் பிரிந்து போக நேரலாம். சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் நான் பிரிக்கமாட்டேன்.

எதற்கு இந்தப் படிகள்? எல்லோருக்கும் ஒரே நியாயமான விலை வைத்தால் என்ன? வைத்துப் பார்ப்போம். நம் 78 பேரில் 8 பேர் 8,500 வரை தரத் தயார், 14 பேர் 5,800 வரை, இப்படியே படிப்படியாக இறங்குகிறார்கள் என்று கொள்வோம். எல்லோருக்கும் 4,200 என்று வைத்தால் அதையோ அதற்கு மேலோ தரக்கூடிய 40 பேர்தான் ஏறுவார்கள். வருமானம் 1,68,000; 38 இருக்கைகள் காலி. எல்லோருக்கும் 2,500 என்றால் விமானம் நிறையும், ஆனால் வருமானம் 1,95,000 மட்டுமே. படிகளாக விற்று, ஒவ்வொருவரும் தன் படியிலேயே வாங்கினால் 3,33,800. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய நொடியில் காலி இருக்கைக்கு மதிப்பே இல்லை. பைலட் சம்பளமும் எரிபொருளும் பெரும்பாலும் அதேதான்.

இதுவரை எளிது. இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. உச்சிப் படிக்கு ஏன் 8 இருக்கைகள்? ஏன் 5 இல்லை, 12 இல்லை?

1972-இல் கென் லிட்டில்வுட் என்ற பிரிட்டிஷ்காரர், அன்றைய பிஓஏசி விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இதற்கு ஒரு விதி சொன்னார். இன்றைய பெரிய கணக்கு முறைகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது அதுதான். இருக்கையை இப்போதே வாங்க ஒருவர் 5,800 ரூபாயோடு நிற்கிறார். விற்கலாமா, கடைசி நேரத்தில் 8,500 தருகிறவருக்காக வைத்திருக்கலாமா? பழைய பதிவைப் புரட்டு என்கிறார் லிட்டில்வுட். முந்தைய 100 பயணங்களில், கடைசி நேரத்தில் உயர்ந்த விலைக்குக் குறைந்தது 8 பேர் வந்தவை 70 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எட்டாவது இருக்கையை ஒதுக்கி வைப்பதன் மதிப்பு 8,500-இல் 70 சதவீதம், அதாவது 5,950 ரூபாய். கையில் இருக்கும் 5,800-ஐவிட அதிகம். வைத்திரு. குறைந்தது 9 பேர் வந்த பயணங்கள் 60 என்றால் ஒன்பதாவது இருக்கையின் மதிப்பு 5,100. 5,800-ஐவிடக் குறைவு. விற்றுவிடு. எட்டில் கோடு விழுந்துவிட்டது.

அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கடைசி நேரத்துல வர்றவங்களைத் தண்டிக்க விலை ஏத்தலை, அவங்களுக்காக இடம் பிடிச்சு வைக்கிறாங்க" என்றாள். பாதி உண்மைதான். பிடித்து வைத்ததற்குக் கூலியும் சேர்த்து வாங்குகிறார்கள்.

படி விலை நமக்குப் புதிதல்ல. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இந்திய ரயில்வே இதைக் கொண்டுவந்தது. அப்போது சதாப்தி நாற்காலிப் பெட்டியில் முதல் பத்து சதவீத இருக்கைகளுக்கு அடிப்படைக் கட்டணம் இருந்தது. அடுத்த ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும் அந்தக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறியது. ஒன்றரை மடங்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. 100 ரூபாய் டிக்கெட் பாதி ரயில் நிறையும்போது 150 ஆகி, மீதிப் பாதிக்கும் அங்கேயே நின்றது. படியின் அளவும் உயரமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

விமானத்தின் படிகள் அப்படி ஆணி அடித்தவை அல்ல. டிக்கெட் விற்பனை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். இன்ன நாளுக்குள் இத்தனை இருக்கைகள் விற்றிருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் ஒரு கோடு இருக்கும். விற்பனை கோட்டுக்கு மேலே போனால் கீழ்ப்படிகளைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கீழே தங்கினால் மூடிய படியை மறுபடி திறப்பார்கள். நேற்று 4,200 காட்டியது இன்று 3,200 ஆவது இப்படித்தான். யாரோ ஐந்து பேர் ரத்து செய்தாலும் ஆகலாம். மறுபடி மறுபடி தேடியதால் நம்மைக் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படியின் கடைசி இருக்கையை வேறொருவர் வாங்கியிருப்பார் என்பதே எளிய விளக்கம்.

பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கியும் விலை ஏன் குறையவில்லை என்பதும் இதிலேயே அடங்குகிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து தெற்கே போகும் விமானத்துக்கு, 2,500 ரூபாய்ப் படியில் 18 இருக்கைகள் எதற்கு? பழைய பதிவே சொல்லிவிடும், இரண்டு இருக்கை போதும் என்று. சில நேரம் அதுவும் இருக்காது. அதே விமானம் தூத்துக்குடியில் ஆட்களை இறக்கிவிட்டுச் சென்னைக்குத் திரும்பும்போது பாதி காலியாக வரக்கூடும். அந்தத் திசைக்குக் கீழ்ப்படிகள் அகலத் திறந்திருக்கும். பண்டிகை முடிந்ததும் இரண்டு திசைகளும் அப்படியே தலைகீழ்.

இவ்வளவு கெட்டிக்காரக் கணக்கு தன் காலிலேயே தடுக்கி விழுவதும் உண்டு. 5,800 தரத் தயாராக வந்தவர், 3,200 படி திறந்திருப்பதைப் பார்த்தால் அதைத்தானே வாங்குவார்? பதிவில் அவர் 3,200 ரூபாய்க்காரராகவே ஏறுவார். அடுத்த மாதம் அதைப் படிக்கும் கம்ப்யூட்டர், உயர்ந்த விலைக்கு ஆள் வரவில்லை என்று முடிவு கட்டி, மேல்படிகளின் ஒதுக்கீட்டைக் குறைக்கும். கீழ்ப்படி இன்னும் அகலமாகும்; இன்னும் பலர் அதில் வாங்குவார்கள்; பதிவு இன்னும் கெடும். ஒவ்வொரு சுற்றிலும் வருமானம் கொஞ்சம் சரியும். விமானமோ நிறைந்தே பறந்துகொண்டிருப்பதால் கோளாறு சட்டென்று கண்ணில் படாது. ஆட்கள் நிறைந்தும் இருக்கைக்குச் சராசரி வருமானம் இறங்கினால்தான் துறைக்காரர்களுக்குச் சந்தேகம் வரும்.

பதிவே அடியோடு பயனற்றுப்போன காலமும் வந்தது. 2020 மார்ச் இறுதியில் உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25-இல் மீண்டும் பறந்தபோது, முந்தைய ஆண்டின் மே மாதத்தில் யார் எப்போது வாங்கினார்கள் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. விலை எங்கே போகுமோ என்று அரசே குறுக்கிட்டது. பயண நேரத்தை வைத்து விமானங்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்த விலையையும் கூடிய விலையையும் அறிவித்தது. அத்தோடு, 40 சதவீத இருக்கைகளை அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள விலைக்குக் கீழேதான் விற்க வேண்டும் என்றும் ஓர் ஆணை. அரசு ஏணிக்குத் தரையும் கூரையும் வைத்து, நடுவில் தானே ஒரு படியும் கட்டிக்கொடுத்தது. கூரையும் தரையும் 2022 ஆகஸ்ட் 31 வரை இருந்தன.