கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம்

பல் கிளினிக் நோட்டீஸ் ஒன்றைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். மேலே கறுத்துப்போன சொத்தைப் பல் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘வலியே இல்லாத சிகிச்சை! இன்றே வாருங்கள்!’ இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன்.

படத்தை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஜேனிஸ், ஃபெஷ்பாக் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாக உரை நிகழ்த்த வைத்தார்கள். அழுகிய ஈறையும் பல்லையும் காட்டி அதிகம் பயமுறுத்திய உரையைக் கேட்டவர்கள்தான், சொன்னபடி நடப்பதில் பின்தங்கினார்கள். பயந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எல்லா விஷயத்திலும் இப்படித்தான் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெட்டனஸ் ஊசி பற்றி நடந்த ஆய்வில் ஒன்று தெரிந்தது. ஊசி போடும் இடத்துக்கு வரைபடம் தந்து, எந்த நேரத்தில் போவீர்கள் என்று யோசிக்க வைத்தபோது கூடுதலானவர்கள் போய்ப் போட்டுக்கொண்டார்கள். பயத்தைக் கூட்டியதால் அந்த வித்தியாசம் வரவில்லை.

‘வலியே இல்லாத’ என்பது இன்னும் மோசம். வலியை நினைக்காமல் வந்தவருக்கும் அது நினைவூட்டுகிறது. சுருக்கென்று ஒருமுறை குத்தினாலும் போதும், அடுத்த சொல்லை அவர் நம்பமாட்டார்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபின் பேச முடியாது, என்ன நடக்கிறதென்று பார்க்கவும் முடியாது. பலருக்கும் அந்தக் கையாலாகாத நிலைதான் பெரிய பயம். அதனால் நோட்டீஸை இப்படி மாற்றினேன்:

‘முதல் நாள் பார்ப்பது மட்டும்தான். ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. சின்னக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்ப்போம். எதைச் செய்தாலும் முன்னதாகச் சொல்வோம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவோம். செவ்வாய் மாலை 5 மணிக்கு வர முடியுமா?’

வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்காக இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘சொத்தை பல்லின் மேல் ஓட்டில் இருக்கும்வரை வலிக்காது. வலிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் ஆழமாக இறங்கியிருக்கும்.’ தள்ளிப்போடுகிறவர் கடைசியில் வேர் சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ வருகிறார். பயந்தது போலவே நடக்கிறது; அடுத்த முறை இன்னும் தள்ளிப்போடுகிறார்.

க்ளீனிங் பற்றியும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. பல நாள் படிந்த காரை நீங்கியதும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கலாம். முன்பே சொல்லிவிட்டால் இதைக் கண்டு பதறமாட்டார்கள். ஏற்கெனவே எலும்பு கரைந்து தளர்ந்த பல், பிடித்திருந்த காரை போனதும் ஆடுவது தெரியலாம். ஆட வைத்தது ஈறு நோய்.

நாற்காலியை நினைத்தாலே மூச்சு முட்டுகிறவரை நோட்டீஸால் மட்டும் வரவழைக்க முடியாது. அவர்களுக்காக, ‘முதலில் டாக்டரிடம் பேசிவிட்டுப் போகலாம்’ என்று சேர்த்தேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வரவேற்பில் இருந்த பெண்ணிடமும் உதவியாளர்களிடமும் அதை வாசித்துக் காட்டினேன். “கையைத் தூக்கினா நிஜமாவே நிறுத்தணுமா சார்?” என்றார் ஓர் உதவியாளர். டாக்டர் அன்று மாலையே அவர்களை உட்கார வைத்துப் பழக்கினார். நோட்டீஸ் மறுநாள்தான் அச்சுக்குப் போனது.