வயிறு எங்கே போனது?

மூன்றரை வயதுக் குழந்தை “இது அம்மா” என்று நீட்டும் தாளில் பெரும்பாலும் ஒரு பெரிய வட்டம்தான் இருக்கும். அதற்குள் இரண்டு கண், ஒரு வாய். வட்டத்தின் அடியிலிருந்தே இரண்டு நீளக் கால்கள் இறங்கும். கை வரைந்திருந்தால் அது கன்னத்திலிருந்து முளைத்திருக்கும். கழுத்தும் உடம்பும் காணோம். குளத்தில் நீந்தும் தவளைக் குஞ்சின் சாயல் இருப்பதால் ஆய்வாளர்கள் இதைத் ‘தலைப்பிரட்டை மனிதன்’ என்பார்கள். பல நாட்டுக் குழந்தைகளும் இப்படி வரைகிறார்கள்.

இந்த வட்டம் சும்மா வந்ததல்ல. ஒன்றரை வயதில் கிரேயானைப் பிடித்த குழந்தை தோளிலிருந்து கையை வீசி, முன்னும் பின்னும் இழுக்கும். மெல்ல முழங்கையும் மணிக்கட்டும் வசப்பட, கோடு சுழலத் தொடங்கும். மூன்று வயதையொட்டி, சுற்றிக்கொண்டிருந்த கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றுவிடுகிறது. நினைத்த இடத்தில் கையை நிறுத்த முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மூடிய வட்டத்துக்கு உள், வெளி என்று இரண்டு பக்கம் உண்டு. ஆகவே உள்ளே கண்ணை வைக்கலாம், வெளியே காலை ஒட்டலாம்.

அப்படியானால் உடம்பு இருப்பதே குழந்தைக்குத் தெரியாதா? “அம்மாவுக்கு வயிறு எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் வட்டத்தின் கீழ்ப்பகுதியையோ கால்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தையோ தொட்டுக் காட்டும். வயிறு அதன் மனத்தில் இருக்கிறது. அதற்கெனத் தனிக்கோடு போடவில்லை, அவ்வளவுதான்.

கன்னத்துக் கைக்கு வேறு கதை. பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் ஃப்ரீமன் தலையும் உடம்பும் முன்பே வரைந்த படங்களைக் குழந்தைகளிடம் கொடுத்து, கைகளை மட்டும் சேர்க்கச் சொன்னார். 1975-இல் வெளியான அந்த ஆய்வில், தலைப்பிரட்டை வரையும் குழந்தைகள் தலை பெரிதாக இருந்தால் தலையிலும், உடம்பு பெரிதாக இருந்தால் உடம்பிலும் கையை ஒட்டும் போக்கு தெரிந்தது. பிசகு, உடம்பைப் பற்றிய அறிவில் மட்டும் இல்லை. தாளில் எதை எங்கே சேர்ப்பது என்ற திட்டமிடலிலும் இருக்கிறது.

அடுத்த கட்டம் வரும்போது அடையாளம் தெரியும். கால்களுக்கு நடுவே சட்டைப் பொத்தான்கள் முளைக்கும். சில குழந்தைகள் இரு கால்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள், அதுவே இடுப்பு. ஐந்து வயதுக்குள் பலருடைய படங்களில் உடம்பு தனி வடிவமாகிவிடும். நடுவில் சில வாரம் பழைய தலைப்பிரட்டைக்கே திரும்புவதும் உண்டு. அது பின்னடைவு அல்ல.

படத்தை வைத்து இதற்குமேல் ஜோசியம் பார்க்க வேண்டாம். கறுப்பு கிரேயான் என்றால் சோகம், கை இல்லையென்றால் பயம் என்றெல்லாம் ஒற்றைப் படத்தைக் கொண்டு சொல்ல முடியாது. பல நேரம் கைக்கு எட்டியது கறுப்புதான். ஆனால் நான்கு வயது தாண்டியும் வட்டத்தைப் பார்த்து வரைய முடியவில்லை, கூடவே பேச்சிலோ பொத்தான் போடுவதிலோ தடுமாற்றம் என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டலாம். முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் வயது பார்த்துக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.