குறுஞ்செய்தி மட்டும்தான் மிச்சம்

ஈரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கவர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய பையன் அதைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்தான். பழைய பில் கட்டுகளோடு சேர்ந்து அதுவும் எடைக்குப் போய்விட்டது. ஜூலை 3ஆம் தேதி செல்போனைத் துழாவும்போதுதான் பழைய குறுஞ்செய்தி ஒன்று கண்ணில் படுகிறது: உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டுள்ளது, போர்ட்டலில் பார்க்கவும். என்ன நோட்டீஸ், எந்த ஆண்டுக்கு, எத்தனை ரூபாய், எப்போதுக்குள் பதில் என்று ஒன்றும் அதில் இல்லை.

காகிதம் போனதற்கு அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு, நோட்டீஸை நேரில் தருவது, தபாலில் அனுப்புவது, மின்னஞ்சல், போர்ட்டலில் ஏற்றுவது எல்லாவற்றையும் சரியான வழிகளாகவே ஏற்கிறது. போர்ட்டலில் இருக்கும் பிரதிதான் பெரும்பாலும் மூலம், தபாலில் வந்தது அதன் அச்சு. கவலைப்பட வேண்டியது நாள் கணக்குக்குத்தான்.

குறுஞ்செய்தியில் லிங்க் இருந்தால் தொடாதீர்கள். இதே வாசகத்தில் மோசடிச் செய்திகளும் வருகின்றன. www.gst.gov.in என்று நாமே தட்டி உள்ளே போய், Services, User Services என்ற வரிசையில் View Notices and Orders என்பதைத் திறக்க வேண்டும். நம் பாத்திரக் கடைக்காரர் திறந்தார். அங்கே ஒன்றுமில்லை. பொய்ச் செய்தி போலிருக்கிறது என்று மூடிவிடவும் பார்த்தார்.

பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். அதே பட்டியலில் View Additional Notices/Orders என்று இன்னொரு கதவு இருக்கிறது. கணக்கு ஆய்வு, வரிக் கோரிக்கை போன்ற கனமான நோட்டீஸ்கள் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கும். இதைத் திறக்காமலே இருந்து, ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வணிகர்கள் நிறையப் பேர். பல வழக்குகளில் நீதிமன்றம், கேட்ட வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்க அனுப்பியது. ‘கூடுதல்’ என்று பெயர் வைத்துவிட்டு முக்கியமானதை அதற்குள் வைத்த புண்ணியவான் யாரோ!

இரண்டாவது கதவுக்குள் ஒரு வரி இருந்தது. அதைத் திறந்தால் இரண்டு எண்கள். ஒன்று AD33 என்று தொடங்குகிறது. அது வழக்குக்கான எண். நோட்டீஸ், பதில், உத்தரவு எல்லாம் அதன் கீழேதான் அடுக்கப்படும். NOTICES என்ற பகுதியைத் தொட்டால் வருவது ZD33 என்று தொடங்கும் 15 எழுத்து எண். அதுதான் அந்தக் குறிப்பிட்ட நோட்டீஸின் எண். பதிலில் இரண்டையும் எழுதுவது நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ZD எண்.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் கிடைத்துவிடும். ZD330625 என்று தொடங்கினால், 33 தமிழ்நாட்டின் குறியீடு, 06 மாதம், 25 ஆண்டு. பின்னால் வருவது வரிசை எண்ணும் ஒரு சரிபார்ப்பு எழுத்தும். ஆக, இது ஜூன் 2025 நோட்டீஸ். குறுஞ்செய்தி வந்த மாதத்தோடு இது பொருந்தவில்லை என்றால் வேறொரு நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எண் உண்மையானதுதானா என்று பார்க்க, லாகின் செய்யாமலே User Services பட்டியலில் Verify RFN என்ற வசதி இருக்கிறது. போர்ட்டல் வழியாக இந்த எண்ணோடு வரும் ஆவணத்தில் தனியாக டின் எண் தேவையில்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் ஜூன் 2025இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. எனவே டின் இல்லையே, செல்லாது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இரண்டு கதவிலும் இல்லாவிட்டால்? ஜிஎஸ்டிஆர்-1க்கும் 3பிக்கும் இடையே வித்தியாசம் என்று வரும் DRC-01B வேறொரு மூலையில், Services, Returns, Return Compliance என்ற வழியில் இருக்கும். அதற்கு 7 நாள்தான். விட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1ஐத் தாக்கல் செய்ய முடியாது.

இனி தேதி. கடைக்காரர் பார்த்தது DRC-01, அதாவது 2021-22ஆம் ஆண்டுக்கு 73ஆம் பிரிவின் கீழ் வரிக் கோரிக்கை. போர்ட்டலில் தெரிவது அதன் சுருக்கம் மட்டும். இணைப்பாக ஒரு பிடிஎஃப் இருக்கும், காரணங்கள் அதில்தான். இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் தேதி ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இவருக்குச் சுருக்கத்தில் நோட்டீஸ் நாள் 12-06-2025, பதிலுக்குக் கடைசி நாள் 12-07-2025. பிடிஎஃபில் ‘கிடைத்த 30 நாட்களுக்குள்’. நேரடி விசாரணை ஜூலை 8.

கவர் கைக்கு வந்தது ஜூன் 17 என்று பையனுக்கு ஞாபகம். அப்படியானால் ஜூலை 17 வரை நேரம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த வாதத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. முதல் காரணம், போர்ட்டலில் ஏற்றியதே சேர்ப்பித்தது என்று அதிகாரி சொல்வார். இரண்டாவது காரணம் அதிகம் பேர் கவனிக்காதது. வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை என்று 73ஆம் பிரிவு தரும் சலுகைக்கான 30 நாள், நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. நோட்டீஸ் பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. ஜூன் 12ஐ விட்டுவிட்டு எண்ணினால் ஜூலை 12. அது இரண்டாவது சனிக்கிழமை, அரசு அலுவலகம் இல்லை. ஆக, நடைமுறையில் அவருக்குக் கடைசி நாள் ஜூலை 11, வெள்ளி. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு 74ஏ பிரிவு வந்துவிட்டது; அதில், மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத வழக்குகளில், இதே சலுகைக்கு 60 நாள்.

ஜூலை 8 விசாரணையையும் மறக்கக் கூடாது. பதில் தரவே 12ஆம் தேதி வரை நேரம் இருக்கும்போது அதற்கு முன்னால் விசாரணையா என்று கேட்கலாம். கேட்பதை எழுத்தில், 8ஆம் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். போதிய காரணம் காட்டினால் விசாரணையைத் தள்ளிவைக்க 75ஆம் பிரிவு இடம் தருகிறது, மொத்தம் மூன்று முறைக்கு மேல் இல்லை. தேதியில் குழப்பம் இருந்தால் நோட்டீஸில் கையெழுத்திட்ட அதிகாரிக்கே, ZD எண்ணைக் குறிப்பிட்டு, ‘சுருக்கத்தில் இந்தத் தேதி, இணைப்பில் இப்படி, எது சரி?’ என்று மின்னஞ்சல் போட்டு, அதன் பிரதியை சர்க்கிள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரி மாநில வணிகவரித் துறையா, மத்திய ஜிஎஸ்டியா என்பதை நோட்டீஸின் தலைப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் வாங்கிய முத்திரையால் பயனில்லை.

பதிலைப் போர்ட்டலிலேயே REPLIES பகுதியில், DRC-06 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் வேண்டும் என்று குறியுங்கள். தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால் முதலில் ORDERS பகுதியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் அன்றைக்கே பதிலைக் கொடுத்துவிடுங்கள். DRC-07 வந்து கிடந்தால் அது உத்தரவு. இனி பேச்சு அந்த அலுவலகத்தோடு இல்லை, மேல்முறையீட்டில். அதற்கு உத்தரவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். மறுக்கும் வரியில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

நம் கடைக்காரர் கடைசியாக ஒன்று செய்தார். போர்ட்டலில் பதிவான மின்னஞ்சல் யாருடையது என்று பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் விட்டுப்போன கணக்குப்பிள்ளையுடையது.