வெட்டுப்பலகை வாங்கும்போது எடைபோட்டு வாங்குங்கள்!

மளிகைக் கடையில் காய்வெட்டும் பலகை ஓர் ஓரச் சரக்குதான். அரிசி, பருப்பு போலத் தினம் நகராது. ஆனால் அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்த காலம் போய், மேடையில் நின்றபடி கத்தியால் நறுக்கும் வழக்கம் வந்தபிறகு, மாதம் நாலைந்து பலகையாவது கேட்டு வருகிறார்கள். விற்பது சுலபம். விற்ற பலகை ஆறு மாதம் கழித்து வெடிப்போடு கடைக்குத் திரும்பி வரும்போதுதான் சங்கடம். பலகைக்கு உத்தரவாதச் சீட்டு எதுவும் கிடையாது. கடைக்காரர் முகம்தான் உத்தரவாதம்.

எங்கள் கடையில் ஒரு ஐப்பசி மாதம் இரண்டு டஜன் மரப்பலகை வாங்கிப் போட்டோம். 35 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 2 கனம். பார்வைக்கு நல்ல வேலைப்பாடு. இரண்டு முனைகளிலும் அழகுக்காகக் குறுக்கே ஒரு சட்டம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பங்குனிக்குள் ஏழு பலகைகள் திரும்பி வந்துவிட்டன. ஏழிலும் ஒரே மாதிரி, சட்டம் அடித்த முனையிலிருந்து உள்நோக்கி ஒரு வெடிப்பு. கொடுத்தவரைக் கேட்டால், "தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பக்கத்துத் தெரு ஆசாரியிடம் ஒன்றைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பச்சை மரம் அண்ணாச்சி. காயக் காயச் சுருங்கணும்னு பாக்குது, ஆணி விடமாட்டேங்குது. வேற என்ன செய்யும்?" என்றார்.

அவர் சொன்ன கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். பலகையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால், அகலம் சுமார் கால் சதவீதம் குறையும் என்று உத்தேசமாக வைத்துக் கொள்ளலாம். மரத்துக்கு மரம் இது மாறும். தேக்கு குறைவாகவே சுருங்கும். மழைக்காலத்தில் 20 சதவீத ஈரத்தோடு வந்த பலகை கோடையில் 12-க்கு இறங்கினால், 25 சென்டிமீட்டர் அகலத்தில் அரை சென்டிமீட்டர் போய்விடும். குறுக்கே அடித்த சட்டமோ தன் நீளத்தில் குறையாது. பலகை சுருங்கும், சட்டம் பிடித்து இழுக்கும், நடுவில் கிழியும். அழகுக்காக அடித்த சட்டம்தான் எங்கள் ஏழு பலகைகளையும் கெடுத்தது. சட்டம் இல்லாத பலகையிலும் முனைகள் நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்வதால், அங்கேதான் முதல் வெடிப்பு தோன்றும். அதனால்தான் நல்ல பட்டறைகளில் முனைகளுக்கு மெழுகு பூசி வைக்கிறார்கள்.

வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய கருவி நம் ஒவ்வொருவர் கடையிலும் இருக்கிறது: தராசு. அடுத்த முறை வேறொருவரிடம் மாதிரிக்கு மூன்று பலகை மட்டும் வாங்கி, ஒன்றை நிழலில் காற்றாட நிறுத்திவைத்து, வாரம் ஒருமுறை எடைபோட்டேன். வந்த அன்று 1,200 கிராம். பிறகு 1,165, அடுத்து 1,140, அதற்கடுத்து 1,125. நாலாம் வாரம் 1,120-இல் நின்றது. ஒரு மாதத்தில் 80 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. அந்த அளவு பலகையை முழுக்கக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும் என்றார் ஆசாரி. அப்படியானால் வந்தபோது ஈரம் 20 சதவீதம், நின்றபோது 12. எடை நின்றபிறகு வெடிப்பு இல்லாத பலகையை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். இரண்டு வாரத்தில் பத்திருபது கிராமுக்குமேல் குறையாத சரக்கு என்றால், அந்தப் பட்டறையில் மரத்தைக் காயவைத்து வேலை செய்கிறார்கள் என்று நம்பி மேற்கொண்டு ஆர்டர் கொடுக்கலாம்.

எடையோடு, பலகையின் முனையையும் பாருங்கள். மரத்தின் வளையக் கோடுகள் அங்கே தெரியும். கோடுகள் மேலிருந்து கீழாக நேராக நின்றால் அது அதிகம் சுருங்காது, வளையாது. வில் போல வளைந்து படுத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும்; பலகை கிண்ணம் போலக் குழியவும் பார்க்கும். வளையங்களின் நடுப்புள்ளியே, அதாவது மரத்தின் குருத்தே, பலகைக்குள் வந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அது என்றைக்காவது வெடிக்கும்.

இனி கத்தி. மரப்பலகையிலேயே இரண்டு வகை உண்டு. நாம் பெரும்பாலும் விற்பது நார் படுத்திருக்கும் பலகை. கத்தி நாரைக் குறுக்கே வெட்டுகிறது, தழும்பு விழுகிறது. கறிக்கடையில் இருக்கும் புளியங்கட்டையைப் பாருங்கள், அதில் நார் செங்குத்தாக நிற்கிறது. கத்தி நார்களுக்கு இடையே இறங்கி வெளியே வந்துவிடுகிறது. அதனால் கூரும் நெடுநாள் நிற்கிறது, கட்டையும் வெட்டைத் தாங்குகிறது. சிறு கட்டைகளை இதே முறையில் நிறுத்தி ஒட்டிச் செய்த பலகைகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல், கனமும் கூடுதல்.

மூங்கில் பலகை பார்வைக்கு மென்மையாகத் தெரிந்தாலும், கத்திக்கு மரத்தைவிடக் கடினம். மூங்கில் புல் வகை. அதில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. கீற்றுகளைச் சேர்த்து ஒட்டிய பசையும் காய்ந்தபின் இறுகிப் போகிறது. மூங்கில் வாங்கியவர்கள் சாணை பிடிப்பவரைச் சீக்கிரமாகத் தேடுகிறார்கள். ஆனால் அதையும் குறை சொல்லி முடித்துவிட வேண்டாம். வீட்டில் மூங்கில் பலகை இருந்தும் கிரானைட் மேடையிலேயே வெங்காயம் நறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லோடு ஒப்பிட்டால் மூங்கில் பஞ்சு மெத்தை.

பிளாஸ்டிக்கில் நல்லது பாலிஎத்திலீன், அடுத்து பாலிபுரொப்பிலீன். இரண்டும் கத்தியைக் கெடுக்காது. இவற்றின் பெயரில் கண்ட பிளாஸ்டிக்கையும் உருக்கி ஊற்றிய பலகைகளும் வருகின்றன. ஒரு சோதனை சொல்கிறேன். பலகையின் ஓரத்தில் ஒரு சிறு சீவலைச் சீவி, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். நல்ல பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். மூழ்கினால் அது வேறு பிளாஸ்டிக், அல்லது சுண்ணாம்புத் தூள் நிறையக் கலந்தது. அப்படிப்பட்டது கீழே விழுந்தால் சில்லுப் போகும்; கத்தியையும் மழுக்கும்.

சுத்தம் என்றாலே பிளாஸ்டிக்தான் என்று நாமும் சொல்லி விற்றிருக்கிறோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரப்பலகையை பிளாஸ்டிக் அளவுக்குச் சுத்தமாக்க வழி தேடித்தான் அவர்கள் தொடங்கினார்கள். கிடைத்ததோ வேறு. மரத்தின்மேல் விட்ட கிருமிகள் ஈரத்தோடு உள்ளே இறங்கிவிட்டன. திரும்ப மேலே வரவில்லை, உள்ளே பெருகவும் இல்லை, நாளடைவில் செத்தன. புதிய பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தம் செய்ய முடிந்தது. கத்தித் தழும்பு நிறைய விழுந்த பழைய பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தமாக்க முடியவில்லை. கோழிக் கொழுப்பு படிந்திருந்தால் இன்னும் மோசம்.

இதை வைத்துக்கொண்டு 'மரம் கிருமியைக் கொல்லும்' என்று அட்டை எழுதி மாட்டிவிட வேண்டாம். கழுவாத மரம் அழுக்கு மரம்தான். வெடித்த மரத்தில் அந்த நன்மையும் போய்விடும். வெடிப்புக்குள் கறிச்சாறும் தண்ணீரும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: எந்தப் பலகையானாலும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, படுக்க வைக்காமல் நிறுத்திக் காயவைக்க வேண்டும். இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். ஓட்டல்காரர்கள் இதற்காகவே இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்க்குப் பச்சை என்று நிறம் பிரித்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு பிளாஸ்டிக்கே சரி. தேயத் தேய மாற்றுவார்கள்.

பிளாஸ்டிக்கை எப்போது மாற்றுவது என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். மஞ்சள் கறை பிடித்தால் பயமில்லை, அது நிறம்தான். ஆனால் கழுவியபிறகும் மஞ்சள் கோடுகோடாக நின்று, நகத்தை ஓட்டினால் அந்தக் கோடுகளில் மாட்டினால், பலகையின் காலம் முடிந்தது.

மூங்கில் பெரும்பாலும் குறுக்கே வெடிப்பதில்லை. ஒட்டுக் கோடு விட்டுப் போகும். இரவெல்லாம் பாத்திரத் தொட்டியில் ஊறிய பலகைக்குத்தான் இது நடக்கும். இன்னொரு தொல்லை நம் குடோனிலேயே வரும். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. சரியாகப் பதப்படுத்தாத சரக்கில் துளைவண்டு விழும். அடுக்கின் அடியில் கோதுமை மாவு போல மெல்லிய தூள் கொட்டியிருந்தால் அந்தக் கட்டை உடனே பிரித்து வெளியே எடுங்கள். பக்கத்தில் இருக்கும் மரச்சாமானுக்கும் பரவும். ரப்பர் மரப் பலகைக்கும் இதே ஆபத்து உண்டு, ஆகவே மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

மரப்பலகைக்கு எண்ணெய் தடவச் சொல்வோம். நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். நாள்பட்டால் அது காறல் வாடை அடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் கெடாது. மாதம் ஒருமுறை, முனைகளுக்கு இரண்டு தடவையாகப் பூசினால் போதும்.

இப்போது எங்கள் கடையில் மரப்பலகை ஐப்பசி, கார்த்திகையில் கொள்முதல் செய்வதில்லை. மாசியில் வாங்கி, ஒரு மாதம் உள்ளறையில் இடைவெளி விட்டு நிறுத்தி வைக்கிறோம். பிளாஸ்டிக் உறையோடு வந்தால் உறையைக் கழற்றிவிடுகிறோம். ஆணி அடித்த சட்டம் உள்ள பலகையை, இரண்டு டஜனுக்கு ஒன்று இனாம் என்றாலும் எடுப்பதில்லை. திரும்பி வந்த அந்த ஏழுக்கும் பணம் கொடுத்துத்தான் அனுப்பினேன்.