ஒரே வாரமா, நான்கு வாரமா?

டிவி விளம்பரம் நின்ற மறுநாளே விற்பனை விழுந்துவிடுவதில்லை. போன வாரம் பார்த்தவர் இந்த வாரம் கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். இப்படித் தங்கி நிற்கும் தாக்கத்துக்கு 1979-இல் ‘ஆட்ஸ்டாக்’ என்று பெயர் வைத்தவர் பிரிட்டனின் சைமன் பிராட்பென்ட்.

கணக்கு எளியது. போன வார ஆட்ஸ்டாக்கில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அதோடு இந்த வார விளம்பரம் சேர்கிறது. பாதி மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், 100 புள்ளி விளம்பரம் அடுத்தடுத்த வாரங்களில் 50, 25, 12.5 என்று கரையும்.

அடுத்தது சாச்சுரேஷன். விளம்பரம் இரட்டிப்பானால் விற்பனை இரட்டிப்பாவதில்லை. ஒரு டீத்தூள் நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். விளம்பரத்தால் வாரத்துக்கு அதிகபட்சம் 1,000 பெட்டிதான் கூடுதலாக விற்கும். ஆட்ஸ்டாக் 200-ஐத் தொடும்போது அதில் பாதி, அதாவது 500 பெட்டி கிடைக்கும். ஆட்ஸ்டாக் 400 ஆனால் கிடைப்பது 667 தான். முதல் 200 தந்தது 500 பெட்டி. அடுத்த 200 தருவது 167.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மார்க்கெட்டிங் மேலாளருக்கு வேண்டிய விடை கிடைக்கிறது. கையில் 400 புள்ளிக்கான பணம் இருக்கிறது. ஒரே வாரத்தில் கொட்டினால் முதல் வாரம் 667 பெட்டி, பிறகு 500, 333 என்று இறங்கி, தாக்கம் கரைந்து முடியும்போது சுமார் 1,930 சேரும். வாரம் 100 புள்ளியாக நான்கு வாரம் பரப்பினால் முதல் வாரம் 333 தான். ஆனால் கடைசியில் கூட்டினால் ஏறக்குறைய 2,440. அதே பணத்துக்கு 500 பெட்டி அதிகம்! முதல் வார அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் தோற்கும் திட்டத்தையே தேர்ந்தெடுத்துவிடுவார்.

இந்த விடை வளைவின் வடிவத்தைப் பொறுத்தது. சிறிய விளம்பரம் யார் கண்ணிலும் படாமல் போய், ஓர் அளவைத் தாண்டிய பிறகே விற்பனை எழும் சந்தைகளும் உண்டு. அங்கே வளைவு ‘எஸ்’ வடிவில் இருக்கும். அது போதிய அளவு செங்குத்தாக இருந்தால், ஒரே வாரத்தில் கொட்டும் திட்டமே முந்தும்.

எந்த வளைவு உண்மையானது? பழைய தரவு சில நேரம் வாய் திறக்காது. வாரந்தோறும் 100 புள்ளியே போட்டுவந்த நிறுவனத்தின் ஆட்ஸ்டாக் 200-லேயே நிற்கும். வளைவில் ஒரே ஓர் இடம்தான் மாடலுக்குத் தெரியும். தீபாவளிக்கு மட்டும் செலவை ஏற்றினால் பண்டிகை விற்பனையும் விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். பாதி மிஞ்சுகிறது என்றாலும் முக்கால் மிஞ்சுகிறது என்றாலும் மாடல் பழைய விற்பனையோடு ஒரேபோலப் பொருந்தினால், தரவு போதவில்லை என்று பொருள். அப்போது மென்பொருள் காட்டும் அழகான வளைவை நம்பி பட்ஜெட்டை மாற்றுவது ஆபத்து. பண்டிகை இல்லாத மாதத்தில் சில நகரங்களில் விளம்பரத்தை நிறுத்தி, வேறு சிலவற்றில் இரட்டிப்பாக்கி, மற்ற நகரங்களோடு ஒப்பிட வேண்டும்.