ஹெட்போன் தானாக அணைவது ஏன்?

புளூடூத் ஹெட்போன் 'பீப்' என்று ஒலித்துவிட்டுத் தானாக அணைந்தால், முதலில் கவனிக்க வேண்டியது அது எப்போது அணைந்தது என்பதைத்தான். பாட்டை நிறுத்திவிட்டு வேறு வேலையாகப் போன பிறகு அணைந்ததா? அல்லது பாடிக்கொண்டிருக்கும்போதே, பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்ததா? காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வி போதும்.

சும்மா இருக்கும்போது அணைந்தால் அது பழுது அல்ல. போனோடு இணைப்பு இல்லாமல் சில நிமிடங்கள் போனால் ஹெட்போன் தன்னையே அணைத்துக்கொள்ளும். 5 நிமிடத்தில் அணைவதும் உண்டு, அரை மணி நேரம் காத்திருப்பதும் உண்டு. இணைப்பு இருந்தாலும், ஒலி எதுவும் வராவிட்டால் அணைந்துவிடும் மாடல்களும் இருக்கின்றன. சோதித்துப் பார்ப்பது சுலபம். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஹெட்போனை ஆன் செய்து, போனில் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் அணைந்தால் அது டைமரின் வேலை. சோனி, போஸ் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் அவற்றுக்கான ஆப்பிலேயே இந்த நேரத்தை மாற்றலாம். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் மாற்ற முடியாது.

ஒலி வந்துகொண்டிருக்கும்போதே அணைந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். 'போனில் இன்னும் 20 சதவீதம் காட்டியதே, பிறகு எப்படி?' என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது.

ஹெட்போனுக்குள் இருப்பது சிறிய லித்தியம் அயான் பேட்டரி. முழுதாக ஏறியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த அது இறங்கிக்கொண்டே வரும். மிகவும் இறங்கினால் பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் 3 வோல்ட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ ஓர் எல்லை வைத்திருப்பார்கள். எல்லைக்குக் கொஞ்சம் முன்னதாகவே பீப் ஒலி எச்சரிக்கும். எல்லையைத் தொட்டதும் ஹெட்போன் அணைந்துவிடும். போனில் தெரியும் சதவீதமோ பெரும்பாலும் இந்த மின்னழுத்தத்தை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். பல ஹெட்போன்கள் அதையும் பத்துப் பத்தாகவே சொல்லும். அதனால் 20 என்பது 29 ஆகவும் இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

பழைய பேட்டரியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வயதாக ஆக அதன் உள்தடை கூடும். அதிக மின்சாரம் எடுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் அந்தக் கணத்துக்கு மட்டும் சரியும். மூன்று வருடம் உழைத்த ஒரு ஹெட்போனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 3.6 வோல்ட்டில் இருக்கிறது, எல்லை 3.3, உள்தடை 3 ஓம். மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போது 0.015 ஆம்பியர்தான் போகிறது, சரிவு 0.05 வோல்ட்டைக்கூடத் தொடுவதில்லை. அழைப்பு வந்ததும் மைக்கும் வேலை செய்கிறது, ஹெட்போன் போனுக்குக் குரலையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு கணம் 0.1 ஆம்பியர் போனாலே 0.3 வோல்ட் சரிந்து, சரியாக எல்லையில் வந்து நிற்கும். உடனே பீப், அணைப்பு. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீண்டும் 3.6-க்கு ஏறிவிடும். திரும்ப ஆன் செய்தால் பழைய சதவீதத்தையே காட்டி, சற்று நேரம் நன்றாகப் பாடி, அடுத்த அழைப்பில் மறுபடி அணையும்.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். ஒலியைக் குறைத்து வைத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது, கூட்டினாலோ பேசினாலோ அணைகிறது என்றால், தேய்ந்த பேட்டரியின் அடையாளம் அது. முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் பாருங்கள். புதிதில் 20 மணி நேரம் ஓடியது இப்போது 6 மணி நேரத்தில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம். ரீசெட் செய்வதும் ஆப்பைப் புதுப்பிப்பதும் இதைச் சரிசெய்யாது.

பீப் கேட்ட பிறகு திரும்பத் திரும்ப ஆன் செய்து கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டாம். தீர்ந்துபோன ஹெட்போனை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைப்பது இன்னும் கெடுதல். அணைந்த நிலையிலும் சிறிதளவு மின்சாரம் கசிவதால், மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்கும் கீழே போய்விடும்; பிறகு சார்ஜே ஏறாது. எடுத்து வைப்பதாக இருந்தால் பாதியளவு சார்ஜோடு வையுங்கள்.

காதை மூடும் பெரிய ஹெட்போன்கள் பலவற்றில் பேட்டரியை மட்டும் சர்வீஸ் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பழையதன் அளவும் வயர்களின் எண்ணிக்கையும் புதியதோடு பொருந்த வேண்டும். மூன்றாவது வயர் இருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தைக் கண்காணிப்பதற்கு. காதுக்குள் செருகும் சிறிய இயர்பட்களை உடைக்காமல் திறப்பதே கடினம். பேட்டரி உப்பியிருந்தால் எந்த மாடலாக இருந்தாலும் மேற்கொண்டு சார்ஜ் போடாதீர்கள்.