மிளகு முன்பேர ஒப்பந்தமும் தினசரிக் கணக்குத் தீர்வும்

வாழவந்தி நாடு உள்ளிட்ட கொல்லிமலைப் பகுதிகளில் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றப்படுகிறது. மிளகுக்கான முன்பேரச் சந்தை கொச்சியில் நீண்டகாலம் இயங்கியது. அறுவடைக்கு முன்பே விலையை உறுதிசெய்ய விரும்புபவர் முன்பேர ஒப்பந்தத்தை விற்கலாம். இதன் கணக்கு அறுவடை வரை காத்திருக்காது. அன்றன்றைய தீர்வு விலைப்படி தினமும் தீர்க்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 1 டன் மிளகைக் கிலோ 600 ரூபாய்க்கு விற்று, மார்ஜின் கணக்கில் 60,000 ரூபாய் கட்டுகிறார். இருப்பு 45,000க்குக் கீழே போனால் மீண்டும் 60,000 ஆக்க வேண்டும் என்பது விதி எனக் கொள்வோம்.

முதல் நாள் விலை 608. கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 8,000 கழிந்து, இருப்பு 52,000. மறுநாள் 620, மேலும் 12,000 கழிந்து 40,000 ஆகிறது. உடனே 20,000 கட்டவேண்டும். மூன்றாம் நாள் விலை 605க்கு இறங்க, 15,000 வரவாகி இருப்பு 75,000 ஆகிறது. கட்டியது மொத்தம் 80,000, நட்டம் 5,000. 600க்கும் 605க்கும் உள்ள வேறுபாடும் அதுவே. கழிந்த பணம் ஒப்பந்தத்தை வாங்கியவர் பக்கம் வரவாகும்.

விலை ஏறும்போது கொடியிலுள்ள மிளகின் மதிப்பும் ஏறுகிறது. ஆனால் அந்த இலாபம் அறுவடைக்குப் பின்னரே கைக்கு வரும். நட்டமோ இன்றே ரொக்கமாகப் போகிறது. சிறு விவசாயி இடறுவது இங்கேதான். இரண்டாம் நாள் அந்த 20,000 கிடைக்காவிட்டால் தரகர் ஒப்பந்தத்தை 620 விலையிலேயே முடித்துவிடக்கூடும். அப்போது நட்டம் 20,000. மூன்றாம் நாள் இறக்கம் அவருக்குப் பயன்படாது.